குழு பிராஜெக்டில் கேட்பதும் சண்டை போடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரியில் கம்யூனிகேஷன் லேப் எடுக்கிறேன். நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒரு சர்வே, ஒரு அறிக்கை, இருபது நிமிடப் பிரசன்டேஷன் என்று வேலை கொடுப்போம். இரண்டாவது வாரத்தில் சண்டை வரும். சண்டையோடு சேர்ந்து கேள்விகளும் வரும். ஒவ்வொரு செமஸ்டரிலும் திரும்பத் திரும்ப வரும் சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆக்டிவ் லிசனிங் என்றால் கவனமாகக் கேட்பதுதானே? அதற்கு எதற்குத் தனிப் பெயர்?

கவனம் உங்கள் மண்டைக்குள் நடக்கிற விஷயம். நீங்கள் சொன்னது எனக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது என் முகத்தைப் பார்த்து மட்டும் உங்களுக்குத் தெரியாது. நான் புரிந்துகொண்டதை வெளியே எடுத்துக் காட்டி, அது சரியா என்று உங்களிடமே சோதித்துக்கொள்ள வேண்டும். கேட்பவருக்கும் வேலை இருப்பதால்தான் அந்தப் பெயர். கார்ல் ராஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1957இல் இதே தலைப்பில் ஒரு சிறு பிரசுரம் எழுதினார்கள். எந்தப் பேச்சிலும் சொல்லப்படும் விஷயம் ஒன்று, அதன் அடியில் இருக்கும் உணர்ச்சி ஒன்று என இரண்டு உண்டு, இரண்டையும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னதில் முக்கியமானது.

தமிழில் இந்த இரண்டாவது சரக்கு பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்தில் ஒளிந்திருக்கும். “ஸ்லைடு நான் பண்றேன்” என்று ஒருவர் சொன்னால் அது தகவல். “சரி, ஸ்லைடும் நானே பண்றேன்” என்றால் அது புகார். அந்த ‘உம்’மும் ‘ஏ’யும் முழுக் கதையையும் சொல்லிவிடுகின்றன: ஏற்கெனவே வேறு வேலை தலையில் இருக்கிறது, மற்றவர்கள் யாரும் கையைத் தூக்கவில்லை. தகவலை மட்டும் கேட்டவர் “சூப்பர், தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார். குழு உடைவது பெரும்பாலும் அந்த “சூப்பர், தேங்க்ஸ்” இடத்தில்தான் தொடங்குகிறது.

நடுவில் ‘ம்… ம்…’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதாதா?

பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ கொட்டச் சொல்வார். ‘ம்’ நின்றுவிட்டால் பேரப்பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம். அதாவது ‘ம்’ என்பது விழித்திருக்கிறேன் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். கதை புரிந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

‘சரி’ இன்னும் ஆபத்தானது. நம் பேச்சில் ‘சரி’க்குக் குறைந்தது மூன்று அர்த்தம் உண்டு: கேட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன், பேச்சை முடி. “வெள்ளிக்கிழமைக்குள்ள சர்வே முடிச்சிரலாமா?” என்றதும் நான்கு பேரும் ‘சரி’ என்கிறார்கள். இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்குக் காதில் விழுந்திருக்கிறது, இன்னொருவர் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். வெள்ளிக்கிழமை வந்ததும் “நீதான சரின்னு சொன்ன!” என்று சண்டை. அதனால் முடிவு எடுக்கும் இடங்களில் ‘சரி’யை ஏற்றுக்கொள்ளாதீர்கள். “அப்ப உன் பங்கு என்ன, என்னிக்கு?” என்று கேட்டு, அவர் வாயால் வரும் வாக்கியத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் கிண்டல் செய்வதுபோல் இருக்கிறதே சார்?

கிளிப்பிள்ளை மாதிரி சொன்னால் கிண்டல்தான். பாடப்புத்தகங்களில் வரும் “நீங்கள் கூறுவது யாதெனில்” பாணியை வகுப்புத் தோழனிடம் எடுத்துவிட்டால் அவன் சிரிப்பான், அல்லது அடிக்க வருவான். “அப்ப நீ என்ன சொல்ல வர்ற?” என்பதும் வேண்டாம். தமிழில் அது கேள்வி மாதிரி இருந்தாலும் காதில் சவாலாகத்தான் விழும்.

நான் மாணவர்களிடம் பழகச் சொல்வது, “நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாரு” என்று ஆரம்பிப்பது. இதில் தப்பு இருந்தால் அது என்னுடையது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம், அதனால் எதிரில் இருப்பவர் முறுக்கிக்கொள்வதில்லை. அப்புறம் அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில், அவர் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொல்லுங்கள். உணர்ச்சியை ஊகமாக மட்டும் தொடுங்கள்: “கோவமா இருக்க” என்பது தீர்ப்பு, “அது உனக்குக் கடுப்பாயிருச்சோ?” என்பது ஊகம். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘ஆனா’ என்று தொடங்கிவிட்டால் அதுவரை சொன்னதெல்லாம் போச்சு.

சரியாகச் செய்தீர்களா என்று கண்டுபிடிப்பது எளிது. எதிரில் இருப்பவர் “ஆமா, அதுமட்டுமில்ல…” என்று ஆரம்பித்தால் புரிந்துகொண்டீர்கள். அந்த ‘அதுமட்டுமில்ல’வுக்குப் பின்னால்தான் உண்மையான விஷயம் வரும். முதலில் சொன்ன அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொன்னால் நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள். “ஆமா… சரி விடு” என்றால் பாதிதான் பிடித்திருக்கிறீர்கள். மறுபடி ஒரு தடவை முயலலாம்.

சண்டை முற்றிய இடத்தில் இதையே கட்டாய விதியாக வைக்கலாம். இது 1950களின் தொடக்கத்திலேயே ராஜர்ஸ் முன்வைத்த யோசனை: முன்னால் பேசியவரின் கருத்தை, அவரே ‘சரி, அதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லிக் காட்டிய பிறகே உங்கள் கருத்தைப் பேசலாம். லேபில் செய்து பார்த்தால் முதல் ஐந்து நிமிடம் யாராலும் முடியாது. பதில் தயார் செய்துகொண்டே கேட்டுப் பழகிய காது அப்படித்தான் இருக்கும். ஆனால் குரல் மட்டும் இரண்டாவது சுற்றிலேயே இறங்கிவிடுகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: “பென்டிரைவ் எங்க?” என்று கேட்பவரிடம் இந்த வித்தையெல்லாம் காட்டக் கூடாது. பென்டிரைவைக் கொடுத்துவிடுங்கள்.

மோதல் பாணிகள் ஐந்து என்கிறார்கள். என் குழுவில் யார் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த ஐந்தை இன்று பயிற்சி வகுப்புகளில் பரவலாக்கியது கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் இருவரும் 1974இல் வெளியிட்ட கேள்வித்தாள். அதில் 30 ஜோடி வாக்கியங்கள் இருக்கும்; ஒவ்வொரு ஜோடியிலும் உங்களுக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் அடியில் இருப்பது இரண்டே கேள்விகள். எனக்கு வேண்டியதை நான் எவ்வளவு விடாமல் பிடிக்கிறேன்? உனக்கு வேண்டியதை எவ்வளவு கணக்கில் எடுக்கிறேன்? முதலாவது மட்டும் அதிகம் என்றால் போட்டியிடுதல். இரண்டாவது மட்டும் அதிகம் என்றால் விட்டுக்கொடுத்தல். இரண்டும் குறைவு என்றால் தவிர்த்தல், இரண்டும் அதிகம் என்றால் ஒத்துழைத்தல். இரண்டும் பாதிப் பாதி என்றால் சமரசம்.

கேள்வித்தாள் இல்லாமலே காதால் பிடிக்கலாம். “நான் சொல்றத மட்டும் கேளு, போன தடவையும் இப்படித்தான் சொதப்புனீங்க” என்பது போட்டி. “பாத்துக்கலாம் மச்சி, இன்னும் நாள் இருக்கு” என்பது தவிர்த்தல். நம் ஊரில் மிகவும் மரியாதையான தவிர்த்தலும் அதுதான். “ஆளுக்குப் பாதி” சமரசம். “உனக்கு ஏன் அது வேணும்?” என்று யாராவது உண்மையாகவே கேட்டால் ஒத்துழைத்தல் தொடங்குகிறது.

“உன் இஷ்டம்” என்பதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். வார்த்தையைப் பார்த்தால் விட்டுக்கொடுத்தல். சொல்லும் தொனியைப் பார்த்தால் தொண்ணூறு சதவீதம் கோபத்தோடு விலகிக்கொள்வது. உண்மையாக விட்டுக்கொடுத்தவர் அடுத்த நிமிடமே வேலையில் இறங்குவார். “உன் இஷ்டம்” சொன்னவர் போனை எடுத்து நோண்டுவார்.

‘யார் எது’ என்று ஆளுக்கு ஒரு முத்திரை குத்த வேண்டாம் என்பது என் கருத்து. கைடிடம் ‘சரி மேடம்’ என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பவன் ஹாஸ்டலில் ஃபேன் வேகத்துக்குப் போட்டியிடுவான். பாணி ஆளோடு ஒட்டியது பாதிதான். மீதி, எதிரில் யார், எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன பணயம் என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் எது நல்ல பாணி? ஒத்துழைத்தல்தானே?

தேர்வில் அப்படி எழுதாதீர்கள். ஸ்லைடின் பின்னணி நீலமா பச்சையா என்பதற்கு நாற்பது நிமிடம் ஒத்துழைத்தல் செய்த குழுவைப் பார்த்திருக்கிறேன். அங்கே விட்டுக்கொடுத்தல்தான் சரி. சர்வேக்கு ஆள் கிடைக்கவில்லை, பதில்களை நாமே நிரப்பிவிடலாம் என்று மூன்று பேர் சொன்னால், நான்காமவர் போட்டியிட்டே ஆக வேண்டும். நாளைக் காலை ரிவ்யூ, இரவு பதினொரு மணி என்றால் சமரசம். இருவரும் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் “சாப்பிட்டு வந்து பேசலாம்” என்பதும் தவிர்த்தல்தான், நல்ல தவிர்த்தல். திரும்பி வந்து பேச வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இரண்டையும் சேர்த்து ஒரு நிஜச் சண்டையில் எப்படிப் பயன்படுத்துவது?

என் லேபில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு பேர் குழு. வளாகத்தில் தண்ணீர் எப்படிச் செலவாகிறது என்பது தலைப்பு. மூன்று பேர் ஹாஸ்டல், ஒரு மாணவி டே ஸ்காலர். கல்லூரிப் பேருந்து மாலை நாலரைக்குக் கிளம்பும். வீட்டுக்குப் போகவே ஒன்றரை மணி நேரம். ஹாஸ்டல்காரர்கள் ஐந்து மணிக்குமேல் கேன்டீனில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள்.

ஒரு மாலை அவர்கள் சர்வே கேள்விகளில் மூன்றை மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம்தான். அதற்குள் அந்த மாணவி பழைய கேள்விகளை வைத்து நாற்பது பேரிடம் பதில் வாங்கி, எக்ஸலில் ஏற்றியும் முடித்திருந்தார். மறுநாள் லேபில் வெடித்தது.

“என்னக் கேக்காம மாத்திட்டீங்க. நாப்பது ஃபார்ம் வீணாப் போச்சு!”

“நீ எங்க வர்ற? நாலரைக்குக் கிளம்பிடுற. நைட்டு மெசேஜ் போட்டா பத்து மணிக்குத்தான் பாக்குற. வேலைய நாங்க பாக்கணும், கொற மட்டும் நீ சொல்லுவியா?” என்றார் ஹாஸ்டல் மாணவர் ஒருவர்.

குழுவின் நான்காவது ஆள் உடனே சமரசம் பேசினார். வாரத்தில் மூன்று நாள் மாலை, இரண்டு நாள் மதியம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மூன்று நாள் அந்தப் பெண் கல்லூரிப் பேருந்தை விட்டுவிட்டு இரண்டு டவுன் பஸ் மாறி, இருட்டிய பிறகு வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு நாள் மற்றவர்களுக்கு மதிய வேலை ஓடாது. இரு தரப்புக்கும் நஷ்டம், அதுவும் எதற்காகச் சண்டை என்று தெரியாமலே.

ராஜர்ஸ் விதியைப் போட்டேன். அந்த மாணவர் முதலில், “நாங்க ஈவ்னிங் மீட் பண்றது உனக்குப் பிடிக்கல” என்றார். மாணவி இல்லை என்று தலையாட்டினார். “நாப்பது ஃபார்ம் வீணானது கடுப்பு.” “ஆமா, ஆனா அதுகூட இல்ல.” மூன்றாவது தடவை கொஞ்சம் யோசித்து, “உன்ன விட்டுட்டு நாங்க மூணு பேர் முடிவு பண்ணி, உனக்குத் தகவல் மட்டும் சொல்றோம்னு தோணுதா?” என்றார். “ஆமா. அதுமட்டுமில்ல, ஏதோ நான்தான் ஓசில மார்க் வாங்குற மாதிரி பேசுறீங்க” என்றார் மாணவி. அப்போதுதான் குரல் இறங்கியது.

பிறகு மாணவியின் முறை. “நான் பத்து மணிக்குப் பதில் போடுறதுனால உனக்கு வேலை நிக்குது.” “ஆமா, அதுமட்டுமில்ல, ரிப்போர்ட் நான் எழுதுறேன். யாராவது ஒரு பதில் சொன்னாத்தான் அடுத்த பாரா. எல்லாரும் தூங்குன அப்புறம் நான் உக்காந்திருக்கேன்.”

இப்போது சண்டை எதைப் பற்றி என்று பாருங்கள். மாணவிக்கு வேண்டியது முடிவில் பங்கு. மற்றவருக்கு வேண்டியது நேரத்துக்குப் பதில். மாலைக் கூட்டம் இரண்டு பேருக்குமே பிரச்சினை இல்லை! ஆகவே மாலைக் கூட்டம் அப்படியே இருந்தது, ஆனால் அங்கே வேலை மட்டும். எதையும் மாற்றுகிற முடிவு எடுக்கக் கூடாது. முடிவுகள் மதிய இடைவேளையில், நான்கு பேரும் இருக்கும்போது. அந்த மாணவி பேருந்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில், ஐந்தரைக்குள் கேள்விகளுக்குப் பதில் போட்டுவிடுவார். பழைய நாற்பது படிவங்களில் மாறாத கேள்விகளின் பதில்களை வைத்துக்கொண்டார்கள். மாறிய மூன்றுக்கு மட்டும் புதிதாக ஆட்களைத் தேடிக் கேட்டு, எந்தக் கேள்விக்கு எத்தனை பதில் என்று அறிக்கையில் தனித்தனியாகக் குறிப்பிட்டார்கள்.

இந்த வகைத் தீர்வுக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. மேரி பார்க்கர் ஃபாலட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1920களில் சொன்னது. ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார், ஃபாலட் மூட வேண்டும் என்கிறார். ஆளில்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டாதது தன்மேல் நேராக வீசும் வாடைக்காற்று. ஜன்னலைப் பாதி திறந்திருந்தால் அது சமரசம், இருவருக்கும் அரைகுறை.

தண்ணீர்க் குழுவின் கதை அதோடு சுபம் இல்லை. முதல் வாரமே மதிய இடைவேளையைச் சாப்பாடு தின்றுவிட்டது. கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும் பேச்சு, முடிவை மூன்று வரியில் குரூப்பில் போடுவது என்று மறுபடி திருத்த வேண்டியிருந்தது.

பொறுமையாகக் கேட்டேன். புரிகிறது என்றேன். அவன் இன்னும் வேலை செய்யவில்லை. இப்போது?

கேட்பது ஒருவர் ஏன் செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் கருவி, அவரைச் செய்ய வைக்கும் மந்திரம் அல்ல. காரணம் வேலை தெரியாமை, பயம், வீட்டுச் சூழல் என்றால் வேலையை மாற்றிக் கொடுக்கலாம். இங்கிலீஷில் எழுதப் பயந்து இரண்டு வாரம் ஒளிந்தவர், சர்வே எடுக்கச் சொன்னதும் ஒரே நாளில் முப்பது பேரைப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காரணம் வெறும் ‘மத்தவங்க பாத்துப்பாங்க’ என்றால் விஷயம் வேறு. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனி பலத்தைக் கூட்டினால் வரவேண்டியதில் ஏறத்தாழ பாதிதான் வந்தது. ஒரே நேரத்தில் இழுக்காததால் போனது கொஞ்சம், கூட்டத்தில் ஒளிந்ததால் போனது கொஞ்சம் என்று பின்னாளில் பிரித்துக் காட்டினார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று தனியாகத் தெரிந்தால் ஒளிவது குறைகிறது. எனவே ‘நாம எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் எழுதலாம்’ என்பதை ஒழியுங்கள். மூன்றாவது பிரிவு உன்னுடையது, அதன் மேல் உன் பெயர், புதன்கிழமை மாலை. இங்கே போட்டியிடும் பாணிக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. சொல்லும்போது ஆளைத் தொடாமல் வேலையைத் தொடுங்கள்: “நீ சோம்பேறி” என்று சொல்லாமல், “மூணாவது பிரிவு வரல, அதனால நான் முடிவுரை எழுத முடியல” என்று சொல்லுங்கள்.

எங்கள் சண்டை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். அங்கே எப்படிக் கேட்பது?

அங்கே கேட்க முடியாது. ‘உம்’மும் ‘ஏ’யும் எழுத்தில் வந்துவிடும், ஆனால் தொனி வராது. “ok” என்ற இரண்டு எழுத்தை நான்கு பேர் நான்கு விதமாகப் படிப்பார்கள். நீல டிக் விழுந்தும் பதில் இல்லை என்றால் திமிர் என்று முடிவு கட்டுவார்கள். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார். யார், எப்போது, எது என்ற தகவலுக்கு மட்டும் குரூப். இரண்டாவது கோபமான மெசேஜ் வந்ததும் கால் போடுங்கள், குரூப்பில் அல்ல, அவருக்கு மட்டும். பார்க்க ஆள் இருந்தால் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

மற்ற இருவர் சண்டை போடுகிறார்கள். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு பேருமே தனித்தனியாக வந்து “நீயே சொல்லு, யார்மேல தப்பு?” என்பார்கள். இருவரிடமும் தலையாட்டினால் மறுநாள் இருவரும் உங்களைச் சாட்சிக்கு இழுப்பார்கள். “இத அவகிட்டச் சொன்னியா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், மூன்று பேரும் உட்காரும்போது அவரையே சொல்ல வையுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, அதை மற்றவர் திருப்பிச் சொல்கிறாரா என்று பார்ப்பது மட்டும்.

கைடிடம் எப்போது போகலாம்? போட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமே?

ஒருவர் தொடர்ந்து இரண்டு கெடுவைத் தவறவிட்டு, நேரில் ஒரு முறை பேசியும் மாற்றம் இல்லை என்றால் போகலாம். அவமானப்படுத்தும் பேச்சு, மிரட்டல், தகவலைப் பொய்யாகச் சேர்ப்பது என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். கெடு விஷயம் என்றால் போவதற்கு முன் அவரிடமே சொல்லுங்கள்: “வெள்ளிக்கிழமை மேடம்கிட்டப் பேசப் போறேன், நீயும் வா.” முதுகுக்குப் பின்னால் நடந்தால்தான் அது போட்டுக்கொடுப்பது. பாதிப் பேர் வியாழக்கிழமையே வேலையை முடித்துவிடுகிறார்கள், அது வேறு கதை.

ரிஃப்ளெக்‌ஷன் அறிக்கையில் என்ன எழுதினால் மார்க் வரும்?

“நான் ஆக்டிவ் லிசனிங் செய்தேன், மோதல் தீர்ந்தது” என்று எழுதினால் வராது. இது அறுபது தாளிலும் இருக்கும். ஒரே ஒரு சண்டையை எடுங்கள். பேசிய வாக்கியங்களை அப்படியே, பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். நீங்கள் முதலில் என்ன என்று புரிந்துகொண்டீர்கள், எந்த இடத்தில் “அது இல்ல” என்று வந்தது, அதற்குப் பிறகு எந்தப் பாணியிலிருந்து எதற்கு மாறினீர்கள் என்று சொல்லுங்கள். தோற்ற சண்டையை எழுதினாலும் முழு மார்க் போட்டிருக்கிறேன். சண்டையே வரவில்லை என்று எழுதும் குழுவிடம் வைவாவில் நான் கேட்பது ஒன்றுதான்: உங்களில் யார் அதிகமாக “பாத்துக்கலாம்” சொன்னது? மூன்று பேரும் ஒருவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.